வலது பக்கம் காலியா இருக்கு

காப்பீட்டு அலுவலகத்து வேலையை விட்டுவிட்டு டிசைன் படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, அம்மா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. கடைசித் துண்டையும் மடித்து அடுக்கிவிட்டு, "கலர் அடிக்கிறதுக்கும் படிப்பா?" என்று மட்டும் கேட்டாள். தங்கச்சிதான் அக்காவுக்குப் பரிந்து பேசினாள். வீட்டில் மூன்றே பேர். இரண்டு பேர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் மூன்றாவது ஆள் என்ன செய்ய முடியும்? அம்மா விட்டுக்கொடுத்தாள்.

படிப்பு முடிந்து பயிற்சிக்குச் சேர்ந்த இடம் ஒரு டயர் கடையின் மாடி. படியேறும்போதே ரப்பர் வாடை மூக்கைத் துளைக்கும். உள்ளே மூன்று மேஜை, ஒரு பிரிண்டர், ஓயாமல் முனகும் ஒரு ஏசி. நடத்துபவரைப் பெரியக்கா என்று கூப்பிட்டார்கள். அடுத்த மேஜையில் தாடி. கேலி பேசாத நாள் அவனுக்குக் கிடையாது, ஆனால் வேலையில் சூரன். இவளுக்கு முதல் நாளே அவன் வைத்த பெயர் புதுசு. பயிற்சிக்கு வந்தவள்தானே, வேறு பெயர் எதற்கு என்று அதுவே நிலைத்துவிட்டது.

புதுசுக்கு ஒரு குணம் உண்டு. யாராவது ஒன்று சொன்னால் மறுத்துப் பேச வராது. காப்பீட்டு அலுவலகத்தில் அது நல்ல குணமாக இருந்தது. சொன்னதைத் தட்டச்சு செய்ய வேண்டும், அவ்வளவுதான். இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள்.

அவளிடம் தனியாகக் கொடுக்கப்பட்ட முதல் வேலை, ஒரு டிரைவிங் ஸ்கூலுக்குப் புதிய பெயர்ப்பலகை. அதே படம் பயிற்சிக் காரின் பக்கவாட்டிலும் ஒட்டப்படும். ஸ்கூலை நடத்துபவரை அந்தப் பக்கத்தில் எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். ஊரில் பாதிப் பேர் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஸ்டீயரிங் பிடித்தவர்கள். அவரே நேரில் வந்தார். புதுசு வரைந்து வைத்திருந்த மூன்று மாதிரிகளில் ஒன்றை ஒரே பார்வையில் எடுத்தார். மஞ்சள் நிறத்தில் பலகை, இடது பக்கம் பெயர், நடுவில் ஸ்டீயரிங், வலது பக்கம் பெரிய எழுத்தில் போன் நம்பர். எடுத்ததோடு விடவில்லை. நம்பரின் கடைசி இரண்டு எண்களுக்கு நடுவே இடைவெளி கொஞ்சம் கூடியிருப்பதைக் காட்டி, "இது மட்டும் ஒட்டாம நிக்குது பாரும்மா" என்றார். தாடியே அதைக் கவனித்திருக்கவில்லை. மனுஷனுக்கு என்ன கண்ணு என்று அவர் போன பிறகு பேசிக்கொண்டார்கள்.

வேலை சுலபமாக முடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பெரியக்கா மாஸ்டரிடம் பேசிவைத்திருந்த ஏற்பாட்டில் இரண்டு சுற்றுத் திருத்தம் உண்டு. அதற்கு மேல் என்றால் மறுபடி உட்கார்ந்து பேச வேண்டும். புதுசுக்கு அது தெரியும். தெரிந்தும் என்ன?

முழு அளவில் வரைந்து முடித்து அனுப்பும்போது சில வாரங்கள் ஓடிவிட்டன. பதில் மாஸ்டரிடமிருந்து வரவில்லை. ஸ்கூல் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் அவருடைய மகளிடமிருந்து குரல் பதிவாக வந்தது. நல்ல பெண், மரியாதையாகத்தான் பேசினாள். நம்பர் தெரியவில்லையாம், பெரிதாகப் போட வேண்டுமாம். மஞ்சள் கொஞ்சம் கண்ணைக் குத்துகிறதாம், நீலம் போட்டுப் பார்க்கலாமாம். எழுத்து இன்னும் நவீனமாக இருந்தால் நன்றாக இருக்குமாம்.

புதுசு பெரிதாக்கினாள், நீலமாக்கினாள், எழுத்தை மாற்றினாள். மறுநாள் அடுத்த குரல் பதிவு. நம்பரைச் சிவப்பில் போடுங்கள். சிவப்பில் போட்டாள். வலது பக்கம் வெறிச்சென்று இருக்கிறது, அங்கே ஏதாவது படம் வையுங்கள். ஒரு கார் படம் வைத்தாள். இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். இரண்டு கார் வைத்தாள். நீலம் வேண்டாம், மஞ்சளே நன்றாக இருந்தது. மஞ்சளுக்குத் திரும்பினாள். மஞ்சளில் சிவப்பு எடுபடவில்லை. கறுப்பாக்கினாள். நம்பர் இன்னும் தெரியவில்லையாம்.

அவளுக்கு அழுகை வந்தது. பலகையில் பாதியை அந்த நம்பர் அடைத்துக்கொண்டு கிடக்கிறது. தூரத்து வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால்கூடத் தெரியும். இதற்கு மேல் எப்படிப் பெரிதாக்குவது?

பெரியக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. முதல் வேலையையே முடிக்கத் தெரியவில்லை என்று நினைத்துவிடுவார் என்ற பயம். 'சின்னத் திருத்தம்தான், முடிஞ்சுது' என்று சொல்லிச் சொல்லியே நாளைத் தள்ளினாள்.

இதற்கு நடுவில் மாஸ்டருடைய மகள் ஒரு நாள் போனில், உங்கள் வீட்டில் யாராவது கார் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் அனுப்புங்கள், அப்பாவே சொல்லிக்கொடுப்பார் என்றாள். வீட்டில் சொல்லி முடிக்கும் முன்பே தங்கச்சி செருப்பை மாட்டிக்கொண்டாள். தினமும் காலையில் வகுப்பு. வந்து கதை கதையாகச் சொல்வாள்.

"இன்னிக்கு ஒரு சைக்கிள்காரர் தப்பிச்சதே பெரிசு, அக்கா" என்றாள் ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டே. "முனையில திரும்பும்போது வலது பக்கத்துல இருந்து வந்தார். மாஸ்டர் 'போ போ, ரோடு காலியா இருக்கு'ன்னார். நான்தான் பயந்து பிரேக்கை அழுத்திட்டேன். அதுக்கு என்னையே திட்டினார், நடு ரோட்டுல நிறுத்துறியேன்னு. சைக்கிள்காரர் எங்களைப் பார்த்துக் கத்தினப்புறம்தான் அவருக்கே தெரிஞ்சுது."

அம்மா பயந்துபோய், நாளையிலிருந்து போகாதே என்றாள். தங்கச்சி சிரித்து மழுப்பிவிட்டாள். புதுசின் காதில் பாதிதான் விழுந்தது. அவள் மனசு முழுக்க அந்தப் பலகையில் இருந்தது.

கடைசியில், மாஸ்டர் தன் வாயாலேயே சொன்னதாக ஒரு திருத்தம் வந்தது. எல்லாவற்றையும் இடது பக்கமாக நகர்த்திவிடுங்கள் என்று. பெயர், ஸ்டீயரிங், நம்பர் எல்லாம் இடது பாதிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, வலது பாதி வெறும் மஞ்சளாகக் கிடந்தது. பார்க்கவே கண்றாவியாக இருந்தது. ஆனாலும் சொன்னதைச் செய்து அனுப்பினாள். முதல் முறையாக, அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்று பதில் வந்தது. கூடவே மகளின் தயக்கமும் வந்தது: "ஆனா எனக்கும் சித்தப்பாவுக்கும் பார்த்தா, ஒரு பக்கமா ஆளேறின பஸ் மாதிரி இருக்கு. கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்களேன்."

தாடி அதை எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டி, மிச்சப் பாதியில் வீட்டு வாடகைக்கு விளம்பரம் போடலாம் என்றான்.

அன்று மத்தியானம் பெரியக்கா அச்சகத்துக்கு அனுப்பவேண்டிய கோப்பைத் தேடி அவளுடைய கணினியைத் திறந்தார். 'இறுதி', 'இறுதி புதிது', 'நிஜமான இறுதி', 'இதுதான் இறுதி', 'இனிமேல் மாற்றமாட்டேன்' என்று திரை முழுக்கக் கோப்புகள். பெரியக்கா உருட்டிக்கொண்டே போனார், முடியவில்லை. தாடியின் சிரிப்பு அடங்கிவிட்டது.

பெரியக்கா சத்தம் போடவில்லை. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். "ரெண்டு சுத்துதான்னு பேசியிருக்கோம். நீ இவ்வளவு செஞ்சது எனக்குத் தெரியவே தெரியாது. அது அப்புறம் பேசிக்கலாம். இப்போ ஒண்ணு சொல்லு. இதுல எந்தத் திருத்தம் யார் சொன்னது?"

அவளுக்குத் தெரியவில்லை. எல்லாம் மகளின் குரலில்தான் வந்தது.

"நீலம் கேட்டது யாரு? மஞ்சளே போதும்னது யாரு?"

தெரியவில்லை. ஒரே ஆள் மாற்றி மாற்றிப் பேசுவதாகத்தான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள்.

இத்தோடு நிறுத்திவிட்டு, பேசின சுற்று முடிந்துவிட்டது என்று தானே அவர்களுக்கு எழுதிவிடுவதாகப் பெரியக்கா சொன்னார். அப்போதுதான் புதுசு, வாழ்க்கையில் முதல் முறையாக என்று சொல்லலாம், மறுத்துப் பேசினாள். ஒரு தடவை நேரில் போய் அவர்கள் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்கிறேன், அதற்கப்புறம் எழுதுங்கள் என்றாள். பெரியக்கா கணினியை மூடிவிட்டு எழுந்தார்.

"சரி, போ. ஆனா அங்கே உட்கார்ந்து 'மாத்தித் தர்றேன்'னு மட்டும் சொல்லிட்டு வராதே. என்ன மாத்தணும்னு சொன்னா, எதனால்னு கேளு."

போவதற்கு முன் மகளுக்கு போன் போட்டு, ஒவ்வொரு திருத்தமாக யார் சொன்னது என்று கேட்டாள். கேட்கக் கேட்கச் சிக்கல் பிரிந்தது. நீலம் சித்தப்பாவின் ஆசை. மாஸ்டரின் தம்பி அவர், ஸ்கூலின் கணக்குவழக்கு அவர் கையில். பழைய பலகை நீலம் என்பதால் கேட்டிருக்கிறார். நவீன எழுத்து மகளுடையது. மஞ்சளுக்குத் திரும்பச் சொன்னதும் அவள்தான். மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னதை ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பியிருக்கிறாள். ஒருவருக்காகச் செய்ததை இன்னொருவருக்காகக் கலைத்துக்கொண்டிருந்திருக்கிறாள் புதுசு. இத்தனை நாள் செக்குமாடு மாதிரி சுற்றியது இதற்குத்தானா என்று அவளுக்குத் திக்கென்றது.

"நம்பரைப் பெரிசா போடச் சொன்னது?"

"அது அப்பா."

"அவர் சொன்ன வார்த்தை என்னன்னு ஞாபகம் இருக்கா? அப்படியே சொல்லுங்க."

மகள் யோசித்தாள். "பெரிசா போடுன்னு அவர் சொல்லல. நம்பர் எங்கேன்னு கேட்டார். சின்னதா இருக்கு போலன்னு நான்தான் பெரிசா போடச் சொன்னேன்."

"படம் வைக்கச் சொன்னது?"

"வலது பக்கம் ஏன் காலியா விட்டிருக்காங்கன்னார். அப்பவும் நான்தான் படம் வைக்கலாமேன்னு..."

மாஸ்டர் சொன்னதாக வந்தவை எல்லாம் ஒரே இடத்தைப் பற்றியவை. பலகையின் வலது பக்கம். நிறத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை, எழுத்தைப் பற்றியும் இல்லை. புதுசுக்கு ஒன்றுதான் தோன்றியது. படங்களை அவர் பார்க்கும் போனின் திரை வலது பக்கம் உடைந்திருக்க வேண்டும். அடச்சே, இதற்கா இத்தனை பாடு? அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. அவர் முதலில் தேர்ந்தெடுத்த அமைப்பையே, மகள் கேட்ட எழுத்தோடு, ஒரு சின்ன மேஜை அகலத்துக்கு பிரிண்ட் எடுத்துச் சுருட்டிக்கொண்டு கிளம்பினாள்.

டிரைவிங் ஸ்கூல் ஒரே ஒரு அறை. சுவர் முழுக்கப் போக்குவரத்துக் குறிகளின் படங்கள், மூலையில் ஒரு ஸ்டாண்டில் பொருத்திய பழைய ஸ்டீயரிங், பிளாஸ்டிக் நாற்காலிகள். வாசலில் பயிற்சிக் கார். வலது பக்கக் கதவில் நீளமாகக் கீறல். அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் கைங்கர்யம் என்று மகள் சலித்துக்கொண்டாள். மாஸ்டர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். முன்னைவிடக் கொஞ்சம் இளைத்தது போல இருந்தது. மற்றபடி அதே கம்பீரம், அதே கணீர்க் குரல். முதல் வேலையாக அவருடைய போனை வாங்கிப் பார்த்தாள். திரையில் ஒரு கீறல்கூட இல்லை.

கொஞ்சம் குழப்பத்தோடுதான் பேச ஆரம்பித்தாள். இன்று புதிதாக எதையும் மாற்றப்போவதில்லை, ஏற்கனவே சொன்னதை எல்லாம் ஒரே இடத்தில் வைத்துப் பேசி முடிவெடுத்துவிடலாம், முடிவானதைத் திரும்பத் திறக்க வேண்டாம் என்றாள். குரல் நடுங்கினாலும் சொல்லிவிட்டாள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே சித்தப்பா ஓசைப்படாமல் உள்ளே வந்து, மாஸ்டருக்கு வலது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

பிரிண்ட்டை மேஜையில் விரித்தாள். சித்தப்பாவிடம் நீலம் எதனால் என்று கேட்டாள். பழைய பலகையைத் தேடி வருகிறவர்களுக்கு அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்று அவர் வாயைத் திறந்ததும், மாஸ்டர் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார்.

"நீ எப்போடா வந்தே?"

"அப்பவே வந்துட்டேனே. உங்க பக்கத்துலதானே இருக்கேன்."

மகள் சிரித்தாள், அப்பாவுக்கு இப்போதெல்லாம் யோசனை எங்கேயோ இருக்கிறது என்று. பேச்சு தொடர்ந்தது. ஸ்டீயரிங் படத்தின் நடுவில் பழைய நீலத்தை வைத்தால் அடையாளமும் ஆச்சு, பலகை மஞ்சளாகவே இருக்கட்டும் என்று சித்தப்பா ஒத்துக்கொண்டார். எழுத்து மகளுக்குப் பிடித்திருந்தது. இவ்வளவு நாள் இழுத்தது, தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. மிச்சம் மாஸ்டர்தான்.

அவர் பிரிண்ட்டை நிதானமாகப் பார்த்தார். "பேரு நல்லா இருக்கு. ஸ்டீயரிங்கும் நல்லா இருக்கு. எல்லாம் சரிம்மா. நம்பர் எங்கே?"

நம்பர் அவருக்கு முன்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில், உள்ளங்கை உயரத்துக்குக் கறுப்பாக இருந்தது.

சித்தப்பா வேடிக்கை என்று நினைத்து, விரலை அதன்மேல் வைத்து, "இதென்ன பின்னே?" என்றார். மாஸ்டர் நம்பரைப் பார்க்கவில்லை, விரலையும் பார்க்கவில்லை. எதிரே நின்ற புதுசையே பார்த்துக்கொண்டு, "எது?" என்றார்.

புதுசு ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே அப்புறம் சொல்லத் தெரியவில்லை. பிரிண்ட்டின் ஓரத்தைப் பிடித்து, மெதுவாக அவருடைய இடது பக்கமாக நகர்த்தினாள். பெயர் மேஜையின் விளிம்பைத் தாண்டித் தொங்கியது. நம்பர் நடுவைத் தாண்டி அவருடைய இடது பக்கம் வந்தது.

"இதோ வந்துடுச்சு" என்றார் மாஸ்டர் சந்தோஷமாக. "இதைத்தானே நான் முதல்லயிருந்து கேட்டுட்டு இருக்கேன்."

மகள் அவருக்கு எதிரே வந்து நின்றாள். அப்பா, என்னையே பாருங்கள், கண்ணை அசைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, அவருக்கு வலது பக்கமாகக் கையை நீட்டி விரல்களை ஆட்டினாள். எத்தனை விரல் என்று கேட்டாள். எங்கே விரல் என்று அவர் கேட்டார். அவருக்கு இடது பக்கம் நீட்டினாள், உடனே சொன்னார். மறுபடி வலது பக்கம். அங்கே அவருக்கு ஒன்றுமே இல்லை. இருட்டுகூட இல்லை. காலியாக இருக்கும் சுவர் மாதிரி, காலியாக இருக்கும் ரோடு மாதிரி.

ரோடு காலியா இருக்கு, போ போ. தங்கச்சி சாப்பிட்டுக்கொண்டே சொன்னது அப்போதுதான் புதுசின் காதில் முழுசாக விழுந்தது.

மாஸ்டருக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு, வலது கண்ணில் கொஞ்ச நாளாகத் தூசி விழுந்த மாதிரி இருக்கிறது, கண்ணாடி மாற்றவேண்டும், அவ்வளவுதான் என்றார். கடிகாரத்தைப் பார்த்தார். வாசலில் அடுத்த வகுப்புக்கு வந்த ஒரு பெண்மணி காருக்குள் ஏறி உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அடுத்து வாயைத் திறந்தது புதுசுதான். "சார், போகாதீங்க."

அவர் நின்றார். "என்னம்மா?"

"என் தங்கச்சி உங்ககிட்ட கத்துக்கிறா. அன்னிக்கு வந்த சைக்கிளை நீங்க பார்க்கலை. கவனிக்காம விட்டுட்டீங்கன்னு நினைச்சேன். உங்களுக்குத் தெரியலை, சார்."

மாஸ்டருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "போர்டு வரைய வந்த பொண்ணு எனக்குக் கண்ணு பரிசோதனை பண்றியா? உன் வயசைவிட அதிக வருஷம் வண்டி ஓட்டியிருக்கேன், ஒரு கேஸ் கிடையாது என்மேல."

புதுசு நகரவில்லை. மகள் எழுந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, சாவியைக் குடுங்க."

அவர் மகளைப் பார்த்தார். தம்பியைத் தேடி வலது பக்கம் திரும்பினார். கண்ணால் மட்டும் தேடி ஆள் அகப்படவில்லை, தலையை முழுக்கத் திருப்ப வேண்டியிருந்தது. அந்தத் திருப்பத்தில் அவருக்கே ஏதோ உறைத்திருக்க வேண்டும். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். காரில் காத்திருந்த பெண்மணியிடம் இன்று வகுப்பு இல்லை என்று சொல்ல சித்தப்பா வெளியே போனார்.

அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். விஷயம் கண்ணில் இல்லை. மூளையின் பின்பக்கம் ஒரு ரத்தக்குழாயில் சின்ன அடைப்பு. வலது பக்கத்துப் பார்வையைக் கவனிக்கும் இடம் அடிபட்டிருந்தது. இரண்டு கண்ணிலுமே வலது பாதி போய்விட்டது. இப்படி வருகிறவர்களில் பலருக்கு ஒரு பாதி போனதே தெரியாது, அதனால்தான் யாரும் உடனே வருவதில்லை என்று டாக்டர் சொன்னாராம். என்றைக்கு நடந்திருக்கும் என்று கேட்டபோது மகளுக்குத்தான் நினைவு வந்தது. மாதிரியைத் தேர்ந்தெடுத்து வந்த கொஞ்ச நாளில், ஒரு மத்தியானம் தலைவலி என்று விளக்கை அணைத்துப் படுத்தவர், சாயங்காலம் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பிப் போயிருந்தார். அதன்பிறகு தினமும் ஓட்டியிருக்கிறார். ஓட்டவும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நல்லவேளை, அடுத்த அடைப்பு வருவதற்கு முன் மருந்து ஆரம்பிக்க முடிந்தது. பார்வை கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். வண்டி மட்டும் கூடாது.

இதை எல்லாம் மகள் போனில் சொல்லச் சொல்ல, புதுசு அலுவலகத்தில் நின்றபடியே கேட்டாள். கேட்டதைத் திருப்பிச் சொன்னபோது பெரியக்கா கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். வாடகை விளம்பரம் போடலாம் என்று தாடி ஒட்டிய அந்த பிரிண்ட் இன்னும் சுவரில் இருந்தது. தாடி எழுந்து போய் அதைக் கழற்றினான். கசக்கவும் மனசு வராமல், மேஜைமேல் வைத்துக்கொள்ளவும் முடியாமல், மடித்து இழுப்பறையில் போட்டான். அன்று முழுக்க அவன் யாரையும் கேலி செய்யவில்லை.

புதுசை உலுக்கியது வேறு. அந்த ஒரு பக்கமாக ஒதுக்கிய படத்துக்கு மகளும் சித்தப்பாவும் சரி சொல்லியிருந்தால் அதுவே அச்சாகியிருக்கும். மாஸ்டர் திருப்தியாகப் பார்த்திருப்பார். அதே மாஸ்டர் தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து, போ போ என்று சொல்லிக்கொண்டிருப்பார். நம்பர் எங்கே என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தபோது, தான் சளைக்காமல் அதைப் பெரிதாக்கிக்கொண்டே இருந்ததை அவளால் மறக்க முடியவில்லை. வீட்டில் சொன்னபோது அம்மா தங்கச்சியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள், அவள் என்னவோ சின்னப் பிள்ளை மாதிரி. தங்கச்சியும் திமிறவில்லை.

பலகை வேலை அப்புறம் ஒரே வாரத்தில் முடிந்தது. ஸ்கூல் சார்பில் மகள் ஒருத்திதான் பேசுவாள் என்று முடிவானது. மற்றவர்கள் சொல்வதை அவள் கேட்டு, அடித்துத் திருத்தி, ஒரே தடவையாகச் சொன்னாள். அதில் ஒரு விஷயம் புரியாதபோது, புதுசு கணினியைத் தொடாமல் முதலில் போனை எடுத்தாள். அச்சுக்குப் போகும் முன் பெரியக்கா சொல்லித்தராமலேயே, இதுதான் கடைசி வடிவம் என்று மகளிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவைத்தாள். கோப்பின் பெயரும் வெறும் தேதியாக இருந்தது.

பலகை மாட்டிய அன்று புதுசு போயிருந்தாள். ஏணியில் நின்றவர்களுக்கு மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, மாஸ்டர் வாசலுக்கு வந்தார். அந்த நாளுக்குப் பிறகு அவர் அவளிடம் பேசியதில்லை. அவள்மேல் கோபம் என்றுதான் மகளும் நினைத்திருந்தாள். அவர் பலகையைப் பார்த்தார். டாக்டர் பழக்கியிருந்தபடி, தலையை மெல்ல வலது பக்கமாக நகர்த்தி, நம்பரின் கடைசி எண்வரைக்கும் போனார். நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று ஒன்றும் சொல்லவில்லை.

"எல்லாத்தையும் இடது பக்கமா ஒதுக்கி ஒண்ணு அனுப்பினியேம்மா, அதைப் பார்க்கும்போது உனக்கு எப்படி இருந்துச்சு?"

"அசிங்கமா இருந்துச்சு, சார்."

"அப்புறம் ஏன் செஞ்சே?"

"நீங்க சொன்னீங்கன்னுதான்."

"சொன்னா செஞ்சுடுவியா?" என்றார். திட்டுகிறாரா, உண்மையாகவே கேட்கிறாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பதிலுக்கு அவர் காத்திருக்கவும் இல்லை. கதவின் நிலையைக் கையால் தொட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டு, உள்ளே போனார். ஏணியில் இருந்தவர் இன்னும் நகர்த்தவேண்டுமா என்று மேலேயிருந்து கேட்டார். அவள் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று, ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு, போதும் என்றாள்.